மஞ்சள் தடவின பில்

பிள்ளைகளா, அப்பா ஆபீஸில் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பீர்கள். சொன்னால் முகம் சுளிப்பீர்கள். பரவாயில்லை, எனக்கே குமட்டுகிற வேலைதான்.

தென்னூரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கடைக்காரர்கள் கொண்டுவரும் பில்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரே எழுத்தைப் படித்துக் கணக்கில் ஏற்றும்படி செய்துகொடுப்போம். அழுக்கு பில்லைக் கம்ப்யூட்டர் படிக்காது. கோணலாக இருந்தால் வரிக்கு வரி தடுமாறும். போனில் எடுத்த படத்தில் எடுத்தவரின் கை நிழல் விழுந்திருந்தால், அந்த இடமே கறுத்து எழுத்து முழுகிவிடும். அதனால் முதலில் படத்தைத் திருப்பி நேராக்குவேன். பிறகு தாளின் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சமமாக்குவேன். கடைசியில், எது எழுத்து, எது வெறும் தாள் என்று பிரித்து, எழுத்தைக் கறுப்பாகவும் மீதியை வெள்ளையாகவும் ஆக்குவேன். ஒரே அளவுகோலைத் தாள் முழுக்க வைத்தால் பாழாகிவிடும். ஒவ்வொரு இடத்தையும் அதன் பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சமையல் எடுக்கும் காண்ட்ராக்டர் ஒருத்தர் எங்களிடம் வருவார். அவருடைய பில்லைத் தொடவே எனக்குக் கை கூசும். சாம்பார் காய்ந்து செம்மஞ்சளாக ஒட்டியிருக்கும். வெங்காயச் சருகு வரும், ஒருதரம் முடி வந்தது. அந்தக் கல்யாணங்களில் மளிகைச் செலவு பெண் வீட்டாருடையது, கூலி மட்டும் இவருக்கு. பெண்ணின் அப்பா கேட்டுக்கொண்டபடி, சுத்தம் செய்த பில்களை நாங்களே அவருக்கு நேராக அனுப்புவோம்.

முதல் தடவை அந்தச் சாம்பார் கறை எதற்கும் மசியவில்லை. ஒரு வழி செய்தேன். கலர் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சம் கலந்திருக்கும். சிவப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால் கறை தாளோடு வெளுத்துவிடும், கறுப்பு எழுத்து நிற்கும். பிரச்சனை என்னவென்றால், சிவப்பு மையில் குத்திய முத்திரையும் கூடவே காணாமல் போகும். ஒரு பில்லில் 'சரக்கு வாபஸ்' என்று மளிகைக் கடைக்காரர் குத்தியிருந்தார். அது போய்விட்டது. நான் கவனித்து, அந்தப் பில்லை ஒதுக்கி, காண்ட்ராக்டரிடம் சொன்னேன்.

"அண்ணே, கறையோட சேர்ந்து சிவப்பு சீலும் அழிஞ்சிடுது. வாபஸ் பில்லைத் தனியாக் கொடுங்க."

"அப்படியா தம்பி? சீலே தெரியாதா?" என்றார்.

"தெரியாதுங்கண்ணே."

ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுவந்த கட்டைப் பிரித்தபோது மூக்கில் ஏதோ இடித்தது. எண்ணெய் வாடை இல்லை, சாம்பார் வாடை இல்லை. வெறும் மஞ்சள்தூள். அதைத் தண்ணீரில் குழைத்து விரலால் இழுத்த மாதிரி பட்டை பட்டையாக. மூன்று பில்லில் மட்டும். மூன்றிலும் மஞ்சளுக்கு அடியில் சிவப்பாக 'சரக்கு வாபஸ்'. மற்ற பில்லெல்லாம் சலவைத் துணிபோல் இருந்தன.

சாம்பார் கொட்டினது கை தவறி. இது உட்கார்ந்து தடவினது. கடைக்குத் திருப்பிக் கொடுத்த அரிசிக்கும் பருப்புக்கும் ஒரு பெண்ணின் அப்பா காசு கொடுக்க வேண்டும், அது இவர் பைக்குப் போக வேண்டும், அதற்கு என் கை வேண்டும்.

"போன தடவை மாதிரியே சுத்தம் பண்ணிடு தம்பி" என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நகத்துக்குள் மஞ்சள் இருந்தது. அதை மறைக்கக்கூட இல்லை.

நான் ஸ்கேன் செய்தேன். இந்த முறை சிவப்பை எடுக்கவில்லை, பச்சையை எடுத்தேன். வெறும் மஞ்சள் பச்சையிலும் வெளுத்துவிடும். சிவப்பு மை மட்டும் கறுத்துக்கொண்டு நிற்கும். திரையில் தாள் பளிச்சென்று வந்தது. நடுவில் கொட்டை எழுத்தில் 'சரக்கு வாபஸ்'.

"என்ன தம்பி, சீல் இருக்கு?"

"மஞ்சள் போயிடுச்சுங்களே அண்ணே. வேற என்ன அழுக்கு?"

"போன தடவை போச்சே."

"போன தடவை சாம்பார். இது யாரோ தடவினது."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

"நீ ஒண்ணும் அழிக்க வேணாம்ப்பா. மிஷின்தானே அழிக்குது. உனக்கென்ன?"

உள்ளே இருந்து எங்கள் மேடம் எட்டிப் பார்த்தார்கள். "என்ன பிரச்சனை?"

"ஒண்ணுமில்லம்மா, மூணு பில் தப்பாக் கலந்து வந்துடுச்சு" என்று காண்ட்ராக்டர் அந்தத் தாள்களை உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மிச்சத்தை அனுப்பிடு தம்பி." என் தோளில் தட்டினார்.

மிச்சத்தை அனுப்பினேன். அவர் போனபிறகு மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். "இனிமே இவர் பில்லுக்குச் சுத்தம் பண்ணாத கலர் படத்தையும் சேர்த்தே அனுப்புங்க" என்றார்கள். இவர் வேலையே வேண்டாம் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அன்றைக்கு நான் டிபன் டப்பாவைத் திறக்காமலேயே கொண்டுவந்தேனே, ஏன் என்று உங்கள் அம்மா கேட்டாள். சோற்றுக்கு மேல் மஞ்சளாகக் கூட்டு இருந்தது. தோளில் அந்தக் கை இன்னும் இருப்பது மாதிரி இருந்தது. சட்டையை அன்றே துவைக்கப் போட்டேன்.