அண்ணியின் வயது வரம்பு

அண்ணிக்கு வயது தாண்டிவிட்டது என்று முதலில் சொன்னது நான்தான்.

சனிக்கிழமை மதியம். சூரமங்கலத்தில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் உள்ள பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். அரசு இளநிலை உதவியாளர் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, மூன்று வருடமாக இந்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாரே தவிர, ஒரு தடவையும் விண்ணப்பித்ததில்லை. பேப்பரில் வரும் கட்டத்தில் வயது வரம்பு முப்பத்திரண்டு என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். இந்தத் தடவை நான் அறிவிக்கை முழுவதையும் அச்செடுத்து வைத்திருந்தேன்.

நான் வால்வு தயாரிக்கும் பட்டறையில் தரப் பரிசோதகர். வரைபடத்தில் உள்ள அளவையும் கையில் உள்ள பொருளையும் ஒப்பிட்டு, ஏற்கலாமா கூடாதா என்று எழுதுவது என் வேலை. அந்த அறிவிக்கையையும் அப்படித்தான் கையில் எடுத்தேன். நோட்டில் மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டேன். படிப்பு போதுமா? வயது சரியா? எந்தப் பிரிவு?

படிப்பு: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. சரி.

பிரிவு: பிற்படுத்தப்பட்ட வகுப்பு. சரி.

வயது: இந்த ஆண்டு ஜூலை முதல் தேதியில் கணக்கிட வேண்டும். அட்டவணையில் ஏனையோருக்கு முப்பத்திரண்டு, பிற்படுத்தப்பட்டோருக்கு முப்பத்து நான்கு. அண்ணிக்கு அன்றைக்கு முப்பத்தாறு முடிந்திருக்கும். இரண்டு முறை கழித்துப் பார்த்தேன். அந்த வரியில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"ரெண்டு வருசம் தாண்டிருச்சுங்க அண்ணி."

"எனக்குத் தெரியும் கண்ணு. நீதான் பிரிண்ட் எடுத்தே தீருவேன்னு நின்ன" என்றார். கோபமில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

சென்டர் நடத்துபவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் பக்கத்துக் கணினியில் யாருக்கோ பான் கார்டு பதிந்துகொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார். "அம்மிணி, கட்டத்த மட்டும் பாத்தீங்களா, அடியில இருக்கறதயும் படிச்சீங்களா?"

"கட்டத்துல வயசு தெளிவா இருக்குதுங்களே."

"எல்லாருமு அங்கதான் நிக்கறாங்க. அடியில படிங்க."

அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவினர், பதவிக்கான குறைந்தபட்சப் பொதுக் கல்வித் தகுதியைவிட உயர்ந்த கல்வித் தகுதி பெற்றிருந்தால், அவர்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. 'வரம்பு இல்லை' என்றால் அறிவிக்கை நாளில் அறுபது வயது நிறைவடைந்திருக்கக் கூடாது என்றே பொருள் என்றும் இருந்தது. பட்டறையில் நான் அடிக்கடி மற்றவர்களைத் திட்டுவது வரைபடத்தின் ஓரக் குறிப்பைப் படிக்காததற்காகத்தான்.

"அண்ணி, பத்தாவதுக்கு மேல ஏதாவது பாஸ் பண்ணியிருக்கீங்களா? ப்ளஸ் டூ போதுங்க."

கேட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அண்ணி பன்னிரண்டாவதில் கணக்கில் தவறிவிட்டார் என்பது. என் அண்ணனே அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

"பாஸ்தான்" என்றார் மெதுவாக. "மார்ச்சுல கணக்கு போச்சு. அடுத்தாப்புல துணைத் தேர்வுல எழுதிப் பாஸ் பண்ணிட்டேன். அதுக்குள்ள ஊரே ஃபெயிலுன்னு பேசிருச்சு. கல்யாணப் பேச்சும் வந்துருச்சு. யாருகிட்டப் போயிச் சொல்றது?"

"துணைத் தேர்வா இருந்தாலும் பாஸ் பாஸ்தானுங்க" என்றார் சென்டர் அண்ணன். இப்போது நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "அறிவிக்கை தேதிக்கு முன்னால பாஸ் பண்ணியிருக்கோணும். அவ்வளவுதான்."

நான் போட்ட பெருக்கல் குறியை அடித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன். அண்ணி என் துப்பட்டாவைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சாதிச் சான்றிதழ் குடுங்க, பதிஞ்சுரலாம்" என்றார் சென்டர் அண்ணன். அண்ணி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பார்த்துவிட்டு அவர் மேசைமேல் வைத்தார். தட்டச்சு செய்யவில்லை.

"இதுல ஊட்டுக்காரர் பேர் இருக்குதுங்களே."

"ஆமாங்க. கல்யாணத்துக்குப் பொறவு எல்லாத்தையும் மாத்தியாச்சு. ரேசன் கார்டு, ஆதாரு, இதுவும் அதோடயே."

"இது மட்டும் மாத்தக் கூடாதுங்க. பொம்பளைங்களுக்கு அப்பா பேருல இருக்கோணும். ஊட்டுக்காரர் பேருல குடுத்தா ஏனையோர் கணக்குல எடுத்துக்குவாங்க."

நான் பக்கங்களைப் புரட்டினேன். அவர் சொன்னபடியே இருந்தது. ஏனையோர் என்றால் முப்பத்திரண்டு. பன்னிரண்டாவது பாஸ் செய்ததும் பயன்படாது, அந்தச் சலுகை ஏனையோருக்கு இல்லை. அண்ணியின் மூன்று வருடமும் இப்போது ஒரே ஒரு தாளில் நின்றது.

"இஸ்கூல்ல படிக்கறப்போ சாதிச் சான்றுக்கு ஒரு அட்டை வாங்கினோம்" என்றார் அண்ணி. "எங்கப்பா பேருதான். பிளாஸ்டிக் ஒறை போட்டிருந்துச்சு."

"எங்க இருக்குதுங்க?"

"ஜலகண்டாபுரத்துல, எங்கப்பா ஊட்டுல. இருந்தா."

வீடியோ அழைப்பில் முதலில் கூரை தெரிந்தது, பிறகு அண்ணியின் அப்பாவின் நெற்றி.

"அப்பா, போனக் கீழ எறக்குங்க. எம்பட சர்ட்டிபிகேட்டு ஃபைலு பீரோவுல இருக்குதா பாருங்க."

"எதுக்குச் சாமி இப்ப?"

"வேலைக்கு எழுதப் போறேன்."

அந்தப் பக்கம் பீரோ திறக்கும் ஓசை கேட்டது. மின்வாரிய அட்டை வந்தது, தடுப்பூசிச் சீட்டு வந்தது, யாருடைய கல்யாணப் பத்திரிகையோ வந்தது.

"பத்திரிகை வேண்டாங்கப்பா."

"இரு சாமி, அடியில இருக்குது." மஞ்சள் உறை ஒன்று திரையை மறைத்தது. அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நாங்கள் மூவரும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்தோம். விண்ணப்பதாரர் பெயர், தந்தை பெயர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு, வட்டாட்சியர் கையொப்பம், எண், தேதி.

"இதாங்க வேணும்" என்று சென்டர் அண்ணன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

அதே உறையில் மதிப்பெண் சான்றிதழ்களும் இருந்தன. துணைத் தேர்வுத் தாளை எடுத்ததும் அண்ணியின் அப்பா கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "கணக்கு, தேர்ச்சின்னு போட்டிருக்குது. நீ பாஸா?"

"அன்னிக்கே சொன்னேனுங்கப்பா. நீங்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்குக் காப்பி வாங்கப் போயிட்டீங்க."

சென்டர் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணைத் தட்டினார்.

சமர்ப்பிக்கும் முன் முன்னோட்டத்தை நான் வரி வரியாகச் சரிபார்த்தேன். பிறந்த தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி. தந்தை பெயர் அட்டையில் உள்ளபடி. தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் துணைத் தேர்வுத் தாளில் உள்ளபடி. பிரிவு என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தேன். அசல்களை நாளையே போய் வாங்கி வந்துவிட வேண்டும், சரிபார்ப்புக்குக் கேட்பார்கள் என்று நோட்டில் எழுதினேன்.

"சரிங்களா அம்மிணி?"

"சரிங்கண்ணா."

"அப்ப அவங்களே அழுத்தட்டும்."

அண்ணி சுட்டியைப் பிடித்த பிடியில் அது பலகையை விட்டே ஓடியது. மறுபடி கொண்டுவந்து அழுத்தினார். திரையில் விண்ணப்ப எண் வந்தது. அதை அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

அச்சு வெளியே வருவதற்குள் என் மடியிலிருந்த அறிவிக்கையை எடுத்துக்கொண்டார்.

"கண்ணு, என்னென்ன படிக்கோணும்னு இதுல எந்தப் பக்கத்துல போட்டிருக்குது?"