கண்டக்டருக்கு ஒரு கதவு

வீட்டுக்கு பிளான் போட்டுத் தரும் அந்த அம்மாளை எல்லோரும் டேப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். அளவு டேப் இல்லாமல் அவள் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை. ஒரு பொறியாளர் ஆபீசில் படம் வரைபவளாகச் சேர்ந்து, பிறகு தனியாகத் தொழில் செய்து தலை நரைத்தவள். கொத்தனார்களுக்கு அவளிடம் பயம். அளவு தப்பினால் திட்டுவாள் என்பதற்காக அல்ல. யார் என்ன காரணம் சொன்னாலும் நம்ப மாட்டாள் என்பதற்காக.

"காத்து வரணும்னு ஜன்னல் கேப்பாங்க. எதிர்வீட்டை வேவு பார்க்கத்தான் கேப்பாங்க" என்பாள். பல தடவை அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. அதனால் சந்தேகப்படுவதைத் தொழிலில் பாதி என்றே வைத்திருந்தாள்.

தையல்காரப் பெண் ஒருத்தி வீட்டை மாற்றிக் கட்டக் கூப்பிட்டபோதும் அவள் அந்தப் பாதியோடுதான் போனாள்.

குறுகலான நீள வீடு. தெருவிலிருந்து ஏறினால் கதவு, கதவைத் திறந்தால் நேராக ஹால். வாசற்படியில் நின்றபடியே ஹால், நடை, அடுப்படி, பின்கதவு வரை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். நடையின் பக்கவாட்டில் ஒரு நடுவறை, வீட்டுக்காரர்கள் படுக்க. ஹாலில் ஜன்னலோரம் தையல் மெஷின், எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு கட்டில். கட்டிலில் தையல்காரியின் கணவனுக்கு அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்த பிறகு தம்பி வீட்டில் இருக்கிறார். பட்டப்பகலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"மாமாவை பின்னாடி ஸ்டோர் ரூமுக்கு மாத்தணும்கா. பாத்ரூமும் பக்கம். அவருக்கும் நிம்மதியா இருக்கும்" என்றாள் தையல்காரி.

"நிம்மதி அவருக்கா, உனக்கா?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க?"

டேப்பக்கா டேப்பை இழுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமை அளக்கப் போனாள். கூரையை ஒட்டி ஒரு சின்னத் துவாரம், அவ்வளவுதான் வெளிச்சம். கதவு துவைக்கிற கல்லைப் பார்த்துத் திறந்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். மூட்டை வைக்கும் அறைக்கு வெளியில்தான் தாழ்ப்பாள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. ஒரு வீட்டில் முன்னால் இருப்பவனை நாலு பேர் பார்ப்பார்கள், நடுவில் இருப்பவனைக் குடும்பம் பார்க்கும், யாரும் கடந்து போகாத கடைசி அறையில் கிடப்பவனை யார் பார்ப்பது?

"பெரியவர் எந்நேரமும் தூங்குறாரா?"

"ஆமாக்கா. யார் வந்தாலும் தூக்கம்தான்."

அது டேப்பக்கா மனசில் முள்ளாகத் தைத்தது. தூக்க மாத்திரை கொடுக்கிறார்களோ? முன்னால் தையல் கடை, பின்னால் ஒரு மனுஷனுக்குக் கிடங்கு. நல்ல பிளான்தான்.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள்.

"என்னக்கா, மறுபடியுமா?"

"ஹால் அளவு தப்பா குறிச்சிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மருந்து எப்போது கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பார்த்தது வேறு. தம்பி ஈரத்துணியால் அண்ணனுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு பால்காரர் வந்தார். தம்பி அவசரமாகப் போர்வையை இழுத்துவிட்டான். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். பால்காரர் போனதும் திறந்தார். அடுத்து, ரவிக்கை வாங்க வந்த பெண் ஒருத்தி, "ஐயோ, அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். மறுபடி கண்கள் மூடின. அவள் போனாள், திறந்தன. தண்ணீர் கேன் போடுபவன் வந்தான், மூடின.

மாத்திரை சாப்பிட்டவன் இப்படிக் கணக்காகத் தூங்க மாட்டான்.

தம்பி வேலைக்குப் போனான். தையல்காரி அடுப்படிக்குள் இருந்தாள். டேப்பக்கா ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்தாள்.

"நீங்க தூங்கலை."

கண்டக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "செக்கிங் இன்ஸ்பெக்டரா?" பேச்சு கொஞ்சம் குழறியது.

"உங்களைப் பின்னாடி தள்ளச் சொன்னது யாரு? உண்மையைச் சொல்லுங்க, அவ காதுல விழாது."

"நான்தான்."

"அவ சொல்லச் சொன்னாளா?"

"அட, நல்ல ஆளும்மா நீங்க! நாந்தான்னு சொல்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "பஸ்ல இருந்தப்ப ஊரே என்னைப் பார்க்கும். நானும் ஊரைப் பார்ப்பேன். இப்ப பார்க்கறது வர்றவங்க மட்டும்தான். துடைக்கும்போதும், மூத்திரப் பாத்திரம் வைக்கும்போதும். போங்கன்னு சொல்ல முடியுமா, வாசல் அவங்களுக்கும்தானே? கண்ணை மூடினா மாத்திரம் பேசாம போவாங்க."

"இதைத் தம்பிகிட்ட சொல்றதுக்கென்ன?"

"அவன்தான் ஹால்ல போட்டான், எல்லாரும் வந்து பேசுவாங்கன்னு. மனசு ஒடிஞ்சிடும் அவனுக்கு. அவகிட்டதான் சொன்னேன். நீயே கேக்குற மாதிரி கேளுன்னு."

டேப்பக்காவுக்கு முகம் சுருங்கியது. இத்தனை வருஷத்தில் ஒளித்து வைக்கப்படுவதையே தேடிப் பழகியவள், ஒளிந்துகொள்ள இடம் கேட்பவனை அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டாள்.

ஆனால் அதற்காக ஸ்டோர் ரூமைக் கொடுத்துவிட முடியாது. "அங்க விழுந்தா துவைக்கிற கல்லுக்குத்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் படத்தோடு வந்தாள். தம்பியும் இருந்தான். தெருக்கதவுக்கு உள்ளே தையலுக்கு ஒரு முன்னறை, அளவெடுக்கத் திரை. தைக்க வருபவர்கள் அதோடு சரி. அங்கிருந்து ஒரு கதவு, அதைத் தாண்டினால் உறவுக்காரர்கள் உட்காரும் ஹால். இந்த இரண்டு கதவும் நேருக்கு நேர் இல்லை, ஒன்று விலகி நின்றது. ஆகவே தெருவிலிருந்து பார்வை முன்னறைச் சுவரில் முட்டி நின்றுவிடும். ஹாலுக்கு அடுத்த நடுவறை கண்டக்டருக்கு. கதவு நடையின் பக்கவாட்டில் இருந்தது, திறந்தாலும் கட்டில் தெரியாது. அடுப்படிப் பேச்சு காதில் விழும். பக்கத்துச் சந்துப் பக்கமாக ஒரு ஜன்னல். நடையிலேயே பாத்ரூமுக்குப் புது வழி, சக்கர நாற்காலி போகிற அகலத்தில்.

"நடுவறை எங்க படுக்கையாச்சே!" என்றாள் தையல்காரி.

"நீங்க பின்னாடி போங்க. ஸ்டோரை இடிச்சுப் பெரிசாக்கி, ரெண்டு ஜன்னல் வெச்சுத் தரேன். யாரும் எட்டிப் பார்க்காத இடம் புருஷன் பொண்டாட்டிக்குத்தான் வேணும்."

தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணனை உள்ள போட்டா, நான் ஒதுக்கிட்டேன்னு நாலு பேர் சொல்ல மாட்டாங்களா?"

"அந்த நாலு பேரும்தான்டா என்னைத் துடைக்கிறப்ப வர்றாங்க" என்றது கட்டிலிலிருந்து குரல்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அண்ணன் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். படத்தை மனைவியிடம் நீட்டினான். "நம்ம கட்டில் பின்னாடி நுழையுமான்னு பாரு" என்றான்.

வேலை முடிந்து குடிபுகுந்த பிறகும் டேப்பக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. நடுவறையில் துணி மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள், மனுஷன் மறுபடி ஹாலில் கிடப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் ஒரு நாள் போனாள். முன்னறையில் இரண்டு பெண்கள் ரவிக்கைக்குக் காத்திருந்தார்கள். "மாமா உள்ளதான்கா" என்று தையல்காரி கத்தரிக்கோலை வைக்காமலே சொன்னாள்.

நடையில் போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்.

தட்டினாள். சத்தமில்லை. விழுந்துவிட்டாரோ? சக்கர நாற்காலியிலிருந்து எட்டும் உயரத்தில், அவசரத்துக்கு வெளியிலிருந்து காசை விட்டுத் திருப்பினாலும் திறக்கிற தாழைத்தான் அவள் போடச் சொல்லியிருந்தாள். கைப்பையில் காசைத் துழாவி எடுத்து, தாழின் பிளவில் வைத்தாள்.

"யாரது?"

"நான்தான், டேப்பு."

"வெளியவே நில்லுங்க. சட்டை போட்டுட்டு இருக்கேன்."

ஒரு கையால் போடுகிற சட்டை. நேரமாகும். டேப்பக்கா காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நடைச்சுவரில் சாய்ந்து நின்றாள்.