வளையல் இல்லாத பாட்டு

தையற்கடை அக்கா பாட்டும் எழுதுவார். இசையமைப்பாளர் ஒருவருக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். பிரிந்துபோனவரை நினைத்து ஒருவர் கதவைத் தாழிடாமல் காத்திருக்கும் பாட்டு அது. காத்திருப்பது ஆணா பெண்ணா என்பதற்கு அதில் தடயமே இல்லை. நான், நீ, ஆறிப்போன காபி, ஆணியில் தொங்கும் குடை, அவ்வளவுதான்.

“வளையல் சத்தமாவது போடுங்கக்கா. இல்லாட்டி கேக்கறவங்க குழம்பிடுவாங்க” என்றார் இசையமைப்பாளர்.

“ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன். ஆணும் பொண்ணும் சேர்ந்தே பாடட்டும்.”

வேண்டாவெறுப்பாக அப்படியே பதிவு செய்தார். பாட்டு வெளிவந்ததும் தெருமுனை வாட்ச்மேன் கடைக்கு வந்து, “என் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். எதிர்வீட்டு நர்ஸும் அதையே கேட்டுச் சண்டைக்கு வந்தார்.

கடைசியில் இசையமைப்பாளரே வந்தார். “உண்மையச் சொல்லுங்க. காத்திருக்கறது யாரு?”

“உங்களுக்கு யார் ஞாபகம் வந்துச்சு?”

“அம்மா போனப்புறம் எங்கப்பா.”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அவருக்குத்தான் வளையல் போடச் சொன்னீங்க.”