மஞ்சள் வைத்த காலுறை

அக்காவுக்கு வலது காலில் யானைக்கால். திண்டிவனம் ஜவுளிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துப் போடும் வேலை. வீக்கம் ஏற ஏற முதலாளியின் முகம் சுண்டியது. காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை போட்டால் நிற்கலாம் என்றார் விழுப்புரம் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த இறுக்கத்தில் அவள் அளவுக்கு எந்த மருந்துக்கடையிலும் இல்லை. லாரியில் கிளீனராகச் சுற்றிக்கொண்டிருந்த என் செல்போனில் வெளிநாட்டு ஆப் ஒன்றில் கிடைத்தது.

நான் ஏழாவதோடு நின்றவன். ஆனாலும் ஊர் ஊராகப் பலகை படித்தே இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவேன். வேலை முடிந்து அவள் வந்ததும் தையல்காரரின் டேப்பால் கணுக்காலை அளந்தேன். பதினொன்றே முக்கால் அங்குலம். ஆப்பில் அளவெல்லாம் சென்டிமீட்டரில். இரண்டு புள்ளி ஐந்து நான்கால் பெருக்கினேன். முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்தொன்பதிலிருந்து முப்பத்திரண்டு வரை எக்ஸ்எல். அதையே ஆர்டர் போட்டேன். டெலிவரிக்கு மூன்று வாரம்.

பார்சல் வந்தபோது நான் ஓசூர்ப் பக்கம் லோடில் இருந்தேன். நாலு நாள் கழித்து வந்தேன்.

"என்னாடா இது, கோணி மாதிரி தொங்குது?" என்றாள் அக்கா. காலுறை கணுக்காலில் சுருண்டு கிடந்தது. மடிப்பு அழுத்திய இடத்தில் தோல் சிவந்திருந்தது.

அது விடியற்காலை. மறுபடி அளந்தேன். பத்தரை அங்குலம், ஏறக்குறைய இருபத்தாறே முக்கால் சென்டிமீட்டர். அட்டவணையைக் கீழே தள்ளிப் பார்த்தேன். காலையில் எழுந்து நடப்பதற்கு முன் அளக்கவும் என்று பொடி எழுத்தில் இருந்தது. அவளுக்கு அடுத்த சின்ன அளவான எல் போதும்.

டெலிவரியிலிருந்து பதினான்கு நாள் ரிட்டர்ன் பட்டன் திறந்திருக்கும். அனுப்பும் செலவு நம்முடையது. அழுத்தினேன். 'பெரிதாக இருக்கிறது' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். போட்டோ கேட்டது. காலுறையைப் பாயில் விரித்தபோதுதான் மேல் விளிம்பில் மஞ்சளும் குங்குமமும் தெரிந்தன.

"இன்னாக்கா இது?"

"புதுத்துணிய மஞ்சள் வெக்காம போடுவாங்களாடா? கால் சரியாவணும்னு வேண்டிக்கினு வெச்சேன்."

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் சிவந்ததே தவிரப் போகவில்லை. இருந்ததை அப்படியே படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் பதில்: உபயோகித்ததற்கான அடையாளம் உள்ளது, திரும்பப் பெற இயலாது. பட்டன் சாம்பல் நிறமாகிவிட்டது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை.

"உடு. இருக்கறத போட்டுக்கினு போறேன்" என்றாள்.

காலையில் ஊக்குக் குத்திக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அப்போது தொளதொளவென்று நழுவுகிறது. சாயங்காலம் கால் வீங்கி, ஊக்கைக் கழற்றியதும் காலுறை கச்சிதமாகப் பொருந்துகிறது. நான் அளந்த நேரத்து அளவு அது.