பதினோராம் கட்டில் செல்வதாஸ்

ஆண்கள் வார்டில் போன் மணி அடித்தால் நர்ஸ் ராஜபாய் முதலில் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். "போனு கடியாரத்துக்குள்ளயா இருக்கு?" என்று இளைய நர்ஸ் ஷைஜா கேலி செய்வாள். ராஜபாய் அதிகம் பேசமாட்டாள், சிரிப்பதோடு சரி.

அன்று மணி அடித்தபோது பதினொன்று நாற்பத்திரண்டு. லேபிலிருந்து ரெனிஷ்.

"அக்கா, ஆபத்தான ரிசல்ட். செல்வதாஸ், பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. சாம்பிள்ல கோளாறு இல்ல, ரெண்டாவதும் ஓட்டிப் பாத்தாச்சு."

அந்த அளவில் இதயம் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம். அவள் வாய்விட்டுச் சொல்லியபடி எழுத, பக்கத்தில் நின்ற ஷைஜா ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு நாலாம் கட்டிலுக்கு ஓடினாள். அங்கே சுசீந்திரத்துக்காரர் செல்வதாஸ், சிறுநீரகம் கெட்டவர். சிறுநீரகம் கெட்டால் பொட்டாசியம் ஏறும்; வேறு யாராக இருக்கும்?

"ஆஸ்பத்திரி நம்பர் சொல்லு மக்கா."

ரெனிஷ் சொன்னான். ராஜபாய் எழுதியதைத் திரும்ப வாசித்தாள்: "நாலு நாலு ஒண்ணு ஏழு எட்டு, செல்வதாஸ், பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. சரியா?"

"சரி அக்கா."

நேரம், சொன்னவர், கேட்டவர் எல்லாம் நோட்டில் ஏறின. போனை வைத்துவிட்டு நம்பரைக் கேஸ் சீட்டுகளோடு ஒத்துப் பார்த்தாள். நாலாம் கட்டிலுக்கு வேறு நம்பர். இது பதினோராம் கட்டில், பேச்சிப்பாறைக்காரர் இன்னொரு செல்வதாஸ். காலையில் ரத்தம் எடுத்த கையோடு வீட்டுக்குப் போகச் சீட்டு எழுதியாகிவிட்டது. கட்டிலில் ஆளைக் காணோம்.

"ஏட்டி ஷைஜா! நாலு இல்லட்டி, பதினொண்ணு! கீழ ஓடு, அவரப் பிடி!"

ராஜபாயின் குரல் இப்படி உயர்ந்து அந்த வார்டு கேட்டதேயில்லை. படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். அவளோ டாக்டர் இசபெல்லுக்குப் போன் செய்து, பதினொன்று நாற்பத்திநாலு என்று குறித்தாள்.

மருந்துக் கடையருகே பையும் கையுமாக நின்றவரை ஷைஜா சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளி வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே சிஸ்டர்! பஸ்ஸு போயிரும்லா!"

"பஸ்ஸு நாளைக்கும் வரும் அண்ணாச்சி. இப்ப அனங்காம, அசையாம படுங்க," என்றாள் ராஜபாய்.

ஈசிஜி தாளில் அலைகள் கூர்கூராக எழும்பியிருந்தன. டாக்டர் மானிட்டரைப் பார்த்தபடியே கால்சியம் ஊசியை மெல்ல மெல்ல ஏற்றினார். பிறகு பொட்டாசியத்தை இறக்க, குளுக்கோஸோடு இன்சுலின். கூர்மை அடங்க அடங்க ராஜபாய்க்கு மூச்சு வந்தது. இதயத்துக்கும் நீர் இறங்கவும் கொடுத்த மாத்திரைகள் சேர்ந்து பொட்டாசியத்தை ஏற்றியிருந்தன. டாக்டர் அவற்றை நிறுத்தினார். மாலையில் அது ஐந்து புள்ளி ஆறுக்கு இறங்கியது; ஆபத்து நீங்கியது.

"அப்ப நான் பஸ்ஸுலயே போய்ச் சேந்திருப்பேனா?" என்று கேட்டார் செல்வதாஸ்.

இப்போது அவர் மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வருகிறார். மற்ற நாட்களில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். வார்டில் போன் அடித்தால் ஷைஜாவும் கடிகாரத்தைப் பார்க்கிறாள். நம்பரை ஒத்துப் பார்க்காமல் ஓடுவதில்லை.