கிலோவுக்கு ஐம்பது ரூபாய்

அரும்பாவூரில் அரியமுத்துவின் கறிக்கடை என்பது ஒரு கீற்றுக்கொட்டகையும் ஒரு புளியங்கட்டையும் இரண்டு கொக்கியும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும். மற்ற நாளெல்லாம் அவன் ஆடு தேடி வண்டியில் சுற்றிக்கொண்டிருப்பான். அவனுடைய அப்பன், ஊரில் நிலம் நீச்சு உள்ள சாமிதுரையின் வயலில் கூலிக்கு நின்றவன். மகன் கத்தியை எடுத்து நாலு காசு பார்த்துக் கல்வீடு கட்டியதில் சாமிதுரைக்குப் பெருமையா பொருமலா என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் கறி மட்டும் வாராவாரம் இரண்டு கிலோ வாங்குவார்.

அரியமுத்துவின் கடையில் கிடாக்கறிதான். அதுவும் இளங்கிடா. தோலை உரித்தபின்னும் விதையை அறுக்காமல் தொங்கவிடுவான், கிடாதான் என்று வாங்குகிறவன் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஈரல் சும்மா போகும். காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு நெஞ்செலும்பு சும்மா போகும். பதினாலு வருஷமாக அவன் சேர்த்துவைத்த சொத்து என்றால் ஊரில் பதிமூன்று வீட்டு வாடிக்கைதான்.

கிலோ எண்ணூறு என்று இரண்டு வருஷமாக ஓட்டினான். சந்தையில் ஆட்டு விலை எகிறிக்கொண்டே போனது. முன்பெல்லாம் தோலாவது விலைக்குப் போகும். இப்போது சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆள் இல்லை. குழிதோண்டிப் புதைக்கிறான். இப்படியே போனால் ஆடி மாதத்துக்குள் கடையை மூட வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பது ரூபாய் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளலாம்.

பெண்டாட்டி ஜெயலட்சுமி பலகையில் எழுதிப் போட்டுவிடச் சொன்னாள். அவனுக்கு மனம் ஒப்பவில்லை. தூக்குவாளியோடு வந்து நிற்கிறவன் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, அது மூஞ்சியில் அடித்ததுபோல இருக்காதா என்றான். ஆட்டை அறுத்த பிறகு விலை சொல்வதும் முறையில்லை. கடையில் ஐஸ் பெட்டி கிடையாது. எப்போதுமே சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் எத்தனை ஆடு அறுப்பது என்று முடிவு செய்வான். அப்போதே விலையையும் சொல்லிவிட்டால் வேண்டாம் என்கிறவன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இது அவன் கணக்கு.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சட்டை மாற்றிக்கொண்டு பதிமூன்று வீட்டுக்கும் போனான். கலியாணப் பத்திரிகை வைக்கிறவன் மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சொன்னான். ரிடையர்டு கண்டக்டர் காசிநாதன் சிரித்தார். பஸ் டிக்கெட்டை ஏற்றியபோது எவனும் தன்னைக் கேட்கவில்லை, நீ கேட்கிறாய், தாராளமாக ஏற்றிக்கொள் என்றார். சாமிதுரை உள்ளே கூப்பிட்டுக் காப்பியே கொடுத்தார்.

"நாயமான வெலைதான் அரியமுத்து. எனக்கு ரெண்டு கிலோ எடுத்து வையி."

ஒரு வீட்டில்கூட முகம் சுளிக்கவில்லை. அரியமுத்து திரும்பி வந்து சோற்றில் கைவைத்தபடி ஜெயலட்சுமியிடம், மனுசனிடம் மறைக்காமல் சொன்னால் மனுசன் புரிந்துகொள்வான் என்றான்.

அவன் படியிறங்கிய கையோடு சாமிதுரை போனை எடுத்தது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டு வீட்டுக்கும் அவர் சொன்னது ஒரே சேதிதான். அறுக்கட்டும். அறுத்த ஆடு எழுந்தா ஓடப்போகிறது. விடிந்ததும் யாரும் போகாதீர்கள்.

ஞாயிறு விடியற்காலையில் இரண்டு கிடாவை அறுத்துத் தொங்கவிட்டான். வழக்கமாக ஆறரைக்கெல்லாம் பத்துத் தூக்குவாளி வரிசையில் நிற்கும். அன்று ஏழாகியும் ஒரு ஆள் இல்லை. எட்டு மணிக்குக் காசிநாதன் வெறுங்கையோடு வந்தார். எண்ணூறு என்றால் எல்லாரும் வருவார்கள், ஒரு வார்த்தை சொல் என்றார். அரியமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நேத்து சரின்னீங்களேண்ணே."

"நேத்து ஆடு உசுரோட இருந்துச்சுப்பா."

அவன் தலையை ஆட்டி முடியாது என்றான். சரி என்று சொல்லிவிட்டு மாறியவர்களிடம் பணிவதா என்ற வீம்பும் இருந்தது, எவனாவது ஒருத்தன் வந்துவிடுவான் என்ற நம்பிக்கையும் இருந்தது. வெயில் ஏறியது. ஜெயலட்சுமி ஈரத்துணியை நனைத்து நனைத்துப் போர்த்தினாள். ஈ விரட்டிக் கை ஓய்ந்தது. பெரம்பலூரில் ஒரு ஓட்டல்காரனுக்குப் போன் போட்டான். அவன் காலையிலேயே கறி எடுத்தாயிற்றாம். அறுநூறு என்றால் அனுப்பு, இல்லாவிட்டால் விடு என்று வைத்துவிட்டான். துணியை விலக்கிப் பார்த்தபோது தொடைக்கறி நிறம் மங்க ஆரம்பித்திருந்தது.

பதினோரு மணிக்கு சாமிதுரை வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லார் கையிலும் தூக்குவாளி. இன்னும் விற்கவில்லையா என்று ஒன்றும் தெரியாதவர்போல விசாரித்தார். அரியமுத்து கத்தியைக் கட்டையில் வைத்தான். பிறகு, சரி, எண்ணூறே இருக்கட்டும் என்றான்.

"எண்ணூறு காலையில. இப்ப எழுநூறு. ஒரு மணிக்கு வந்தா ஐநூறு. அதுக்கும் மேல நாய்க்குத்தான் போடணும்."

சாமிதுரைக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் போன மாதம் மகள் பிரசவத்துக்கு ஈரல் வாங்கிப் போனவரும் இருந்தார். அரியமுத்து ஜெயலட்சுமியின் முகத்தைப் பார்த்தான். அவள் துணியை எடுத்துவிட்டாள்.

வெட்டினான். வரிசையாக வந்தார்கள். யாரோ போன் போட்டிருக்க வேண்டும், கால் மணி நேரத்தில் பதிமூன்று வீடும் வந்துவிட்டது. சாமிதுரை நிறுத்துக்கொண்டபின், பேரனுக்குக் கொஞ்சம் ஈரல் போடேன், எப்பவும் போடுவியே என்றார். போட்டான். நல்லா இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அவன் சாப்பிடவில்லை. கடையை மூடிவிடலாம் என்று ஜெயலட்சுமி சொன்னாள். மூடினால் மறுபடி எவன் வயலில் போய் நிற்பது என்று கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை பழையபடி பதிமூன்று வீட்டுக்கும் போனான். தப்பு என்னுடையதுதான், எண்ணூறே இருக்கட்டும், வாடிக்கைதான் முக்கியம் என்றான். அவர்களுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. எழுநூறு கேட்டதெல்லாம் விளையாட்டுக்கு என்றார் காசிநாதன். ஞாயிறு ஆறரைக்கு வரிசை நின்றது.

கொட்டகையின் முன்கொக்கியில் இளங்கிடா ஒன்று விதையோடு தொங்கியது. பின்பக்கம் சாக்குப் படுதா புதிதாகத் தொங்கியது. படுதாவுக்கு அந்தப்பக்கம் ஜெயலட்சுமி துண்டு போட்டு வைத்திருந்தது பல் விழுந்த கிழட்டுப் பெட்டை ஆடு. சந்தையில் கடைசி ஆளாக நின்று, எவனும் சீந்தாத விலைக்கு ஓட்டிவந்தது. முன்னாலிருந்து ரெண்டு கை, பின்னாலிருந்து மூணு கை என்று தட்டில் போட்டுப் பேச்சுக் கொடுத்தபடியே நிறுத்தான். இதைச் செய்கிற கடைக்காரர்களைப் பற்றி அவன் காறித் துப்பிப் பேசியவன்தான். முதல் வாரம் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் பார்த்தான்.

குக்கரில் ரெண்டு விசில் கூட விட வேண்டியிருக்கிறதாமே, வீட்டில் சொல்கிறார்கள் என்றார் சாமிதுரை ஒருநாள். மலையில் ஏறி மேய்ந்த ஆடு, உடம்பு இறுகித்தான் இருக்கும் என்றான் அரியமுத்து. அவர் ஒப்புக்கொண்டார். அதோடு, சித்திரையில் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருப்பதாகவும் முப்பது கிலோ வேண்டும் என்றும் சொன்னார். விலை என்ன போடுவாய் என்று கேட்டார்.

"உங்களுக்கு எழுநூத்தி எம்பது போட்டுக்கறேங்க."

"இதான்டா மனுசத்தனம்," என்று அவன் தோளில் தட்டினார் சாமிதுரை. "வெலைய ஏத்தறேன்னு வூடு வூடா வந்து நின்னியே, அன்னிக்கு உன்னைய நெனைச்சா எனக்கு அவ்ளோ வருத்தம்."

அரியமுத்து கும்பிட்டான். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு, கிழட்டுப் பெட்டை மூணு நாலு சேர்ந்தாற்போல எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கக் கிளம்பினான்.