இறுக்காத குமிழ்

மலேசியாவில், எங்கள் செனாவாங் வீட்டில், அப்பா உட்கார்ந்து குளிக்கட்டுமென்று கை ஷவர் மாட்டினேன். சுவரில் துளையிட்டுக் கம்பியைப் பொருத்தினேன். குழாயை வளைத்து இணைக்கும் எல்போவுக்கு டேப் சுற்றித் திருகி, வாஷர் வைத்து ஹோஸை இணைத்தேன். அவசரக்குடுக்கை நான், ஷவரைத் தாங்கும் பிடியின் குமிழை மட்டும் இறுக்கவில்லை.

ஸ்டூலில் இருந்த அப்பா, "தொறந்து பாருலா" என்றார்.

திறந்தேன். பிடி கம்பியில் சரசரவென இறங்கியது. தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. பதறி மூடினேன். அப்பா சுவரோரம் ஒடுங்கிக் கைகூப்பினார்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா!"

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், ரப்பர் தோட்டத்தில் சிப்பாய்கள் ஒருவருடைய வாயில் ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீர் விட்டு விசாரித்ததை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் யாரென்று சொன்னதே இல்லை.